நின்றுபோன வேலையும் ஜி.எம்.முக்கு ஒரு மெயிலும்

2022 பிப்ரவரி 24 அன்று ஒன்றிய அரசிடமிருந்து ஒரு ஜி.எஸ்.டி. அறிவிக்கை வந்தது. ஆண்டு விற்றுமுதல் 20 கோடி ரூபாயைத் தாண்டிய நிறுவனங்கள், மற்ற வணிகர்களுக்குப் போடும் ஒவ்வொரு பில்லையும் ஏப்ரல் 1 முதல் அரசின் இணையதளத்தில் பதிய வேண்டும். தளம் ஒவ்வொரு பில்லுக்கும் 64 எழுத்து கொண்ட ஓர் அடையாள எண்ணும் ஒரு கியூஆர் குறியீடும் தரும். ஐ.ஆர்.என். என்று சொல்லப்படும் அந்த எண் இல்லாத பில், சட்டத்தின் கண்ணில் பில்லே இல்லை. அதை வைத்துக்கொண்டு வாங்கியவர் வரி வரவு எடுக்க முடியாது. அதனால் அவர் சரக்கையே வேண்டாம் என்பார். அதுவரை 50 கோடிக்கு மேலானவர்களுக்கு மட்டும் இருந்த இந்த விதி, நடுத்தர அளவிலான ஏராளமான நிறுவனங்களுக்கு ஐந்தே வாரத்தில் வந்து சேர்ந்தது.

அந்த ஐந்து வாரத்தில், கோவைப் பக்கம் பம்பு உதிரிபாகம் செய்து ஆண்டுக்கு 35 கோடிக்கு விற்கும் ஒரு நிறுவனத்தைக் கற்பனை செய்துகொள்வோம். அங்கே கணக்குப் பிரிவில் இருக்கும் ஒருவரிடம் இந்த வேலையை ஒப்படைக்கிறார்கள். பில் போடும் சாஃப்ட்வேரை அரசுத் தளத்தோடு இணைக்க வேண்டும். அதற்கு வெளியிலிருந்து ஒரு சாஃப்ட்வேர் நிறுவனம் வர வேண்டும். அவர்களுக்குக் கொள்முதல் பிரிவு பர்ச்சேஸ் ஆர்டர் தர வேண்டும். ஐ.டி. பிரிவு சர்வரைத் திறந்துவிட வேண்டும். வாடிக்கையாளர் பட்டியலில் ஜி.எஸ்.டி. எண்ணும் பின்கோடும் சரியாக இருக்க வேண்டும். மார்ச் 14, திங்கட்கிழமை. வேலை அப்படியே நிற்கிறது. பி.ஓ. இல்லாமல் சாஃப்ட்வேர் நிறுவனம் ஆள் அனுப்பாது. ஆள் வராமல் ஐ.டி. பிரிவு சர்வரைத் திறக்காது. கொள்முதல் பிரிவோ கொட்டேஷன் விதியைக் காட்டுகிறது.

இந்த நிலையில் பொது மேலாளருக்கு மெயில் எழுத உட்காரும் ஒருவரின் விரல்களிலிருந்து முதலில் வருவது பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும்:

“மதிப்பிற்குரிய ஐயா, இ-இன்வாய்ஸ் பணி இரண்டு வாரமாக ஓர் அடிகூட நகரவில்லை. கொள்முதல் பிரிவுக்குப் பலமுறை நினைவூட்டியும் பி.ஓ. வரவில்லை. ஐ.டி. பிரிவும் ஒத்துழைப்பதில்லை. ஏப்ரல் 1-க்குள் பணி முடியாவிட்டால் அதற்குக் கணக்குப் பிரிவு பொறுப்பாகாது. தாங்கள் உடனே தலையிட வேண்டுகிறேன்.”

இதில் பொய் எதுவும் இல்லை. எழுதியவரின் தவிப்பும் நியாயமானதுதான். ஆனால் ஜி.எம். இதை வைத்துக்கொண்டு என்ன செய்வார் என்று ஒரு நிமிடம் யோசித்துப் பார்க்க வேண்டும். எதில் தலையிடுவது என்று மெயிலில் இல்லை. அதனால் அவரால் செய்ய முடிந்தது ஒன்றுதான்: கொள்முதல் தலைவருக்கு அதை ஃபார்வர்டு செய்து, மேலே “விளக்கம் தரவும்” என்று ஒரு வரி போடுவார். அதைப் பார்த்த கொள்முதல் தலைவர் கையில் இருக்கும் வேலையை வைத்துவிட்டு, எந்தத் தேதியில் யாருக்கு என்ன அனுப்பினோம் என்று பழைய மெயில்களைத் தோண்டுவார். கணக்குப் பிரிவு எந்தப் படிவத்தைத் தாமதமாகக் கொடுத்தது என்பதும் அந்தத் தோண்டலில் வெளியே வரும். ஐ.டி. பிரிவு தன் பங்குக்கு ஒரு பதில் எழுதும். மூன்று நாள் போய்விடும். அதற்குள் 17-ம் தேதி வந்துவிடும். அந்தத் தேதி ஏன் முக்கியம் என்பது பிறகு தெரியும்.

அந்த மெயிலின் நான்காவது வாக்கியம்தான் அதன் உண்மையான நோக்கத்தைக் காட்டிக்கொடுக்கிறது. வேலை முடிவதற்காக எழுதப்பட்டதல்ல அது; முடியாமல் போனால் கையில் ஒரு சாட்சி இருக்கட்டும் என்று எழுதப்பட்டது. படிக்கும் எல்லோருக்கும் அது புரியும். புரிந்த கணமே அவரவரும் தத்தம் சாட்சியைத் தேடத் தொடங்கிவிடுவார்கள்.

சொற்களை மென்மையாக்கினால் இது சரியாகிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். “ஒத்துழைப்பதில்லை” என்பதை “ஒத்துழைப்பு மேம்பட வேண்டியுள்ளது” என்று மாற்றுவார்கள். குற்றச்சாட்டு அப்படியே இருக்கும், அதற்கு ஒரு சால்வை போர்த்தியதுதான் மிச்சம். என் பார்வையில் மாற்ற வேண்டியது மெயிலின் கேள்வியை. “யாரால் நின்றது?” என்று தொடங்கினால் எவ்வளவு பணிவாக எழுதினாலும் பழி வந்துவிடும். “நமக்குக் கீழே யாராலும் எடுக்க முடியாத, ஜி.எம். மட்டுமே எடுக்கக்கூடிய முடிவு எது?” என்று தொடங்கினால் பழிக்கு இடமே இருக்காது. அப்படி ஒரு முடிவு இல்லை என்றால், அந்த மெயிலை அனுப்பத் தேவையும் இல்லை. சம்பந்தப்பட்டவரின் மேசைக்கு நடந்து போனாலே போதும்.

நம் கணக்குப் பிரிவுக்காரருக்கு அந்த முடிவு எது என்று இன்னும் தெரியாது. மெயிலை அனுப்பும் முன் கொள்முதல் தலைவரிடம் காட்டும்போதுதான் தெரியவருகிறது. எழுதியதை எடுத்துக்கொண்டு நேரே அவர் அறைக்குப் போகிறார்.

“சார், ஜி.எம். சாருக்கு ஒரு மெயில் போடலாம்னு இருக்கேனுங்க. போறதுக்கு முன்னாடி நீங்க ஒரு தடவை பார்த்துட்டா நல்லாருக்கும்.”

“மூணு கொட்டேஷன் வரலைன்னு போட்டிருக்கீங்களே. மூணாவது சனிக்கிழமையே வந்துருச்சுங்க. ஆனா பில் ஒண்ணுக்கு எவ்வளவு சார்ஜுன்னு அவங்க போடல. மொத்தத் தொகை மட்டும் இருக்கு. அதை மத்த ரெண்டோட எப்படி ஒப்பிடறது?”

“ரெண்டை வெச்சே போட முடியாதுங்களா?”

“ஒரு லட்சத்துக்கு மேல போனா மூணு இருக்கணும்ங்கறது ரூல். அதை நான் மீற முடியாது, நாளைக்கு ஆடிட்ல என்னைத்தான் கேப்பாங்க. ஜி.எம். ஒரு வரி எழுதிக் கொடுத்தார்னா சாயங்காலமே பி.ஓ. போட்டுடறேன்.”

அவ்வளவுதான். தேடிய முடிவு கிடைத்துவிட்டது. கொள்முதல் தலைவர் சோம்பேறியும் இல்லை, விரோதியும் இல்லை. நிறுவனம் தன் பணத்தைக் காக்க வைத்த ஒரு விதியை அவர் காக்கிறார். அந்த விதி சாதாரண நாட்களுக்கானது. அரசு ஐந்து வாரக் கெடு வைத்த நேரத்துக்கானது அல்ல. அதைத் தளர்த்தும் அதிகாரம் ஜி.எம்.மிடம் மட்டும் இருக்கிறது. நின்றுபோன வேலைகளில் பலவற்றை அவிழ்த்துப் பார்த்தால் இதுதான் தெரியும்: ஒவ்வொருவரும் தத்தம் விதிப்படி சரியாக இருக்கிறார்கள், இரண்டு சரிகள் ஒன்றையொன்று தடுத்துக்கொண்டு நிற்கின்றன.

இந்த உரையாடலால் இன்னொரு நன்மையும் உண்டு. முதல் வரைவில் ஒரு தகவல் தவறாக இருந்தது. அது அப்படியே போயிருந்தால், கொள்முதல் தலைவர் அந்த ஒரு தவறைச் சுட்டிக்காட்டியே மெயில் முழுவதையும் கவிழ்த்திருப்பார். இப்போது அவர் மெயிலைப் பார்த்துவிட்டார், திருத்தியும் விட்டார். இனி அது அவருக்கும் சேர்த்து எழுதப்பட்ட மெயில்.

மாற்றி எழுதியது இப்படி இருக்கலாம்:

“பொருள்: இ-இன்வாய்ஸ் – கொள்முதல் விதிவிலக்கு குறித்துத் தங்கள் முடிவு தேவை, 17 வியாழன் மாலைக்குள்

வணக்கம் சார்.

இ-இன்வாய்ஸ் இணைப்புப் பணிக்கு, கையில் உள்ள இரண்டு முழுமையான கொட்டேஷன்களை வைத்தே பி.ஓ. போடத் தங்கள் அனுமதியைக் கோருகிறேன். வியாழன் மாலைக்குள் கிடைத்தால், அரசு தந்த ஏப்ரல் 1 கெடுவுக்கு முன் பணி முடியும்.

ஒரு லட்சம் ரூபாய்க்கு மேற்பட்ட கொள்முதலுக்கு மூன்று கொட்டேஷன் வேண்டும் என்பது நம் விதி. மூன்றாவது சனிக்கிழமை வந்தது. அதில் பில் ஒன்றுக்கான கட்டணம் இல்லாததால் மற்ற இரண்டோடு ஒப்பிட முடியவில்லை. கொள்முதல் பிரிவு அவர்களிடம் விளக்கம் கேட்டிருக்கிறது. பி.ஓ. கிடைத்த பிறகு சாஃப்ட்வேர் நிறுவனத்துக்கு 12 வேலைநாள் தேவை. வெள்ளி, 18-ம் தேதி தொடங்கினால் 31-ம் தேதி முடியும். அதற்குப் பின் தொடங்கினால் ஏப்ரல் 1-க்கு முன் முடியாது.

ஏப்ரல் 1 முதல் ஐ.ஆர்.என். இல்லாத பில் செல்லாது. நமக்கு நாளொன்றுக்குச் சுமார் 60 பில்கள், 12 லட்சம் ரூபாய் மதிப்புக்குப் போகின்றன.

வழி இரண்டு. ஒன்று, இந்த ஒரு கொள்முதலுக்கு மட்டும் விதிவிலக்கு. மூன்றாவது நிறுவனம் ஒருவேளை இன்னும் மலிவாகத் தந்திருக்கலாம் என்பதுதான் இதில் உள்ள இழப்பு. இரண்டு, விளக்கம் வரும்வரை காத்திருந்து, அரசு இலவசமாகத் தரும் எக்செல் கருவியில் பில்களைக் கையால் ஏற்றுவது. இதற்கு விற்பனைப் பிரிவிலிருந்து இருவரை ஏப்ரல் முழுவதும் எங்களுக்குத் தர வேண்டியிருக்கும். முதல் வழியைப் பரிந்துரைக்கிறேன்.

வாடிக்கையாளர் பட்டியலைச் சரிபார்க்கும் பணி எங்களிடம் நடக்கிறது. 21-ம் தேதி முடிப்போம். கொள்முதல், ஐ.டி. பிரிவுத் தலைவர்களிடம் இந்த விவரங்களைச் சரிபார்த்துவிட்டே அனுப்புகிறேன். அவர்களுக்கும் நகல் வைத்துள்ளேன்.”

முழு மெயிலையும் படிக்க ஜி.எம்.முக்கு இரண்டு நிமிடம் ஆகலாம். ஆனால் பொருள் வரியையும் முதல் பத்தியையும் மட்டும் படித்தாலே அவரால் பதில் போட முடியும். விமான நிலையத்தில் நின்றுகொண்டு ஃபோனில் பார்ப்பவருக்கு அதுதான் முக்கியம். என்ன வேண்டும், எப்போதைக்குள் வேண்டும் என்பது முதலில் வந்துவிட்டது. நடந்த கதை அதற்குப் பிறகுதான், அதுவும் முடிவெடுக்கத் தேவையான அளவுக்கு மட்டும்.

பழி சொல்லாமல் எழுதப் போய் சிலர் எதிர்ப்பக்கத்தில் விழுகிறார்கள். “சில ஆவணங்கள் நிலுவையில் உள்ளன, சில ஒப்புதல்கள் எதிர்பார்க்கப்படுகின்றன” என்று எழுதிவிடுவார்கள். யார் மனமும் புண்படாது, ஆனால் எந்த ஆவணம், யாருடைய ஒப்புதல் என்று ஜி.எம். மறுபடி ஃபோன் போட்டுக் கேட்க வேண்டியிருக்கும். மேலே உள்ள மெயிலில் கொள்முதல் பிரிவின் பெயர் இருக்கிறது, வேலை எந்தப் படியில் நிற்கிறது என்பதும் இருக்கிறது. மறைக்கவில்லை. ஆனால் நிற்பதற்குக் காரணமாகச் சொல்லப்பட்டிருப்பது ஒரு விதியும், ஒரு கொட்டேஷனில் விடுபட்ட தொகையும்தான். வேலை நிற்கும் இடத்தைச் சொல்ல வேண்டும். அந்த இடத்தில் இருப்பவரின் மனநிலைக்கோ குணத்துக்கோ விளக்கம் சொல்லத் தேவையில்லை. அது நமக்குத் தெரியவும் தெரியாது.

நினைவூட்டல்களின் எண்ணிக்கையும் மெயிலில் இல்லை. “மூன்று முறை கேட்டேன்” என்ற தகவலால் ஜி.எம்.முடைய முடிவு எந்த வகையிலும் மாறாது. அதே காரணத்துக்காகத்தான் இது புதிய மெயிலாகத் தொடங்க வேண்டும். பழைய சங்கிலியில் ஜி.எம்.மைச் சேர்த்து அனுப்பினால், மேலே எவ்வளவு நிதானமாக எழுதினாலும், கீழே இறங்கினால் எல்லோருடைய கோபமும் தேதி வாரியாக அங்கே கிடக்கும். யாருக்கும் தெரியாமல் பி.சி.சி.யில் வைப்பதும் வேண்டாம். அது எப்படியும் ஒருநாள் வெளியே வரும். வந்தபின் அந்த அலுவலகத்தில் உங்களிடம் யாரும் மனம்விட்டு ஒரு தகவலும் சொல்ல மாட்டார்கள்.

ஒன்றைப் பிரித்துச் சொல்ல வேண்டும். பணம் கையாடப்பட்டாலோ, கணக்கு திருத்தப்பட்டாலோ, ஒரு ஊழியர் துன்புறுத்தப்பட்டாலோ அது வேறு விஷயம். அங்கே செய்தவரைக் குறிப்பிட்டுத்தான் ஆக வேண்டும், அதற்கென்று உள்ள புகார்க் குழுவுக்குத்தான் போக வேண்டும். வேலை நின்றுபோன மெயிலுக்குள் அதைச் சொருகினால் இரண்டும் கெடும்.

இப்படிப்பட்ட கடிதத்துக்கு உலகம் அறிந்த ஓர் உதாரணம் உண்டு. மெயில் வராத காலம். அமெரிக்காவின் விண்வெளி ஓடங்களுக்கு ராக்கெட் பூஸ்டர்கள் செய்த மார்ட்டன் தயாக்கால் நிறுவனத்தில் ரோஜர் பாய்ஸ்ஜோலி என்ற பொறியாளர் இருந்தார். பூஸ்டரின் பாகங்கள் சேரும் இடத்தை அடைத்திருக்கும் ரப்பர் வளையங்கள் அரிக்கப்படுவதைப் பறந்து திரும்பிய பூஸ்டர்களில் கண்டார்கள். அதைத் தீர்க்க 1985 ஜூலை 19 அன்று ஒரு குழு அதிகாரபூர்வமற்ற முறையில் அமைக்கப்பட்டது. ஜூலை 31 அன்று அவர் பொறியியல் துணைத் தலைவர் ராபர்ட் லண்டுக்கு ஓர் அலுவலகக் குறிப்பு எழுதினார்.

அந்தக் குறிப்பு பிற்பாடு ரோஜர்ஸ் விசாரணை ஆணையத்தின் அறிக்கையில் அச்சானது. நிர்வாகம் இந்தப் பிரச்சினையின் தீவிரத்தை முழுமையாக உணர வேண்டும் என்பதற்காக எழுதுகிறேன் என்று அது தொடங்குகிறது. இணைப்பு தோற்றால் உயிர்ச்சேதம் நேரும் என்று நேராகச் சொல்கிறது. குழுவை முறைப்படி அறிவிக்கும் தாள் ஒருபோதும் வெளியாகவில்லை, அதனால் இன்று அப்படி ஒரு குழு இல்லாதது போலத்தான் என்கிறது. பிறகு கேட்கிறது: குழுவுக்கு அதிகாரபூர்வமான பொறுப்பும் அதிகாரமும் தாருங்கள், முடியும்வரை வேறு வேலை தராமல் முழுநேரமாக விடுங்கள். குழுவுக்கு வராமல் போனவர்கள் யார், ஆள் தர மறுத்த பிரிவுத் தலைவர் யார் என்று தேடிப் பார்த்தால் ஒரு பெயரும் கிடைக்காது. விஷயம் உயிர்போகும் அளவுக்குப் பெரியது. அதிலும் அவர் கேட்டது லண்டால் மட்டுமே தரக்கூடிய ஒன்றை.

கேட்டது ஓரளவு கிடைத்தது. ஆகஸ்டில் குழு முறைப்படி அமைக்கப்பட்டது. ஆனால் அக்டோபர் 1 அன்று, அதே நிறுவனத்தின் பாப் எபலிங் என்ற பொறியாளர், ‘உதவி!’ என்ற சொல்லோடு தொடங்கி, குழுவின் வேலை எல்லா வகையிலும் தடுக்கப்படுகிறது என்று எழுத வேண்டியிருந்தது. அறிவிப்பு வந்தது, அதிகாரமும் வசதியும் கூடவே வரவில்லை. 1986 ஜனவரி 28 அன்று, கடுங்குளிரில் ஏவப்பட்ட சேலஞ்சர் 73 விநாடிகளில் சிதறியது. ஏழு பேர் இறந்தார்கள். வலதுபக்கப் பூஸ்டரின் இணைப்பு அடைப்பு தோற்றதே காரணம் என்று ஆணையம் கண்டது.

நல்ல கடிதம் எழுதினால் நல்லது நடந்துவிடும் என்று இதைப் படித்தபின் யாரும் சொல்ல முடியாது. சரியான கடிதம், சரியான ஆளுக்கு, ஆறு மாதம் முன்பே போயிற்று. மேலே இருந்து “சரி” என்று வந்தபின் அந்தச் சரி எவ்வளவு தூரம் கீழே இறங்கியது என்று யார் பார்ப்பது, எந்தத் தேதியில் பார்ப்பது என்பது அங்கே பிடிபடாமல் போனது. இதனால்தான், பதில் வந்ததும் வேலை முடிந்தது என்று மெயில்பெட்டியை மூடிவிடக் கூடாது என்று அழுத்திச் சொல்ல விரும்புகிறேன்.

பம்பு நிறுவனத்துக்குத் திரும்புவோம். செவ்வாய்க்கிழமை மதியம் ஜி.எம்.மிடமிருந்து இரண்டே வரி வருகிறது: “இந்த ஒன்றுக்கு மட்டும் இரண்டு கொட்டேஷனில் பி.ஓ. போடலாம். ஆடிட்டுக்கு இந்த மெயிலையே கோப்பில் வைக்கவும்.” அடுத்த கால் மணி நேரத்தில் நம்மவர் எல்லோருக்கும் ஒரு சிறு பதில் அனுப்ப வேண்டும். நன்றி சொல்லிவிட்டு, பி.ஓ. கொள்முதல் பிரிவிலிருந்து புதன்கிழமை, சர்வர் அனுமதி ஐ.டி. பிரிவிலிருந்து வியாழக்கிழமை, சாஃப்ட்வேர் ஆட்கள் வெள்ளிக்கிழமை காலை என்று மூன்று தேதிகளை எழுத வேண்டும். அந்தத் தேதிகளை அந்தந்தப் பிரிவினரிடம் கேட்டு வாங்கியிருக்க வேண்டும். தானாக விதிக்கக் கூடாது. 25-ம் தேதி வெள்ளியன்று நிலவரம் எழுதுகிறேன் என்பதையும் அதிலேயே சொல்லிவிடலாம். அன்று சோதனைத் தளத்தில் ஒரு மாதிரி பில்லுக்காவது ஐ.ஆர்.என். வந்திருக்க வேண்டும். வராவிட்டால் எக்செல் வழிக்கு ஆள் கேட்க இன்னும் ஐந்து வேலைநாள் கையில் இருக்கும்.

பதிலே வரவில்லை என்றால்? புதன் காலை ஃபோன் செய்யலாம். ஜி.எம். அறையில் இல்லை என்றால் அவருடைய உதவியாளரிடம் பொருள் வரியை மட்டும் படித்துக் காட்டச் சொல்லலாம். வியாழன் காலை அதே மெயிலை அனுப்பலாம், மேலே ஒரு புது வரியோடு: “இன்று மாலைக்குப் பின் முதல் வழி அடைபட்டுவிடும், அதனால் எங்கள் பிரிவில் இருவருக்கு எக்செல் கருவியில் பயிற்சியைத் தொடங்கிவிட்டோம், விற்பனைப் பிரிவிலிருந்து ஆள் எடுக்கும் முடிவுக்குக் காத்திருக்கிறோம்.” தன் அதிகாரத்துக்குள் இருப்பதைச் செய்துவிட்டார், இல்லாததை மறுபடி கேட்டிருக்கிறார். வெள்ளிக்கிழமை அந்த இருவரும் பழைய பில்களை வைத்து எக்செல்லில் ஏற்றிப் பழகத் தொடங்கலாம். பின்கோடு விடுபட்ட வாடிக்கையாளர்களின் பில்களைக் கருவி ஏற்காது. எனவே பட்டியலைச் சரிசெய்யும் வேலை எந்த வழியில் போனாலும் 21-ம் தேதிக்குள் முடிந்தாக வேண்டும்.